முதல் ஜிஎஸ்டி ரிட்டர்ன்: பில் கட்டிலிருந்து ஒரு தாள் சுருக்கம் வரை

ஒரு சிறு கடைக்காரர் முதல் ரிட்டர்னுக்காக என்னிடம் வரும்போது கையில் பெரும்பாலும் ஒரு துணிப்பை இருக்கும். விற்ற பில், வாங்கிய பில், லாரி வாடகைச் சீட்டு, போன மாத மின்கட்டண ரசீது எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். "எல்லாம் இதிலேயே இருக்கிறது, போட்டுவிடுங்கள்" என்பார். அந்தப் பையைத் தரையில் கொட்டிப் பிரித்து, கூட்டி, ஒரே தாளில் சுருக்கிவிட்டால் வேலையில் முக்கால் பங்கு முடிந்துவிடும். ஜிஎஸ்டி இணையதளத்தில் உட்கார்ந்து தட்டுவது கால் பங்குதான். அந்த முக்கால் பங்கைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

உதாரணத்துக்கு ஓசூரில் ஓர் எலக்ட்ரிகல் கடையை எடுத்துக்கொள்வோம். வயர், சுவிட்ச், எல்இடி பல்பு என்று விற்பதெல்லாம் 18 சதவீத வரிக்குள் வருவதால் கணக்கு எளிதாகப் புரியும். எல்லையோர ஊர் என்பதால் கர்நாடக வாடிக்கையாளரும் உண்டு. 2025 அக்டோபர் 6-ம் தேதி பதிவு கிடைத்தது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையையும் எடுக்கலாம். பில்களைப் பிரிக்கும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எந்தத் தேதிக்குள் என்ன

மாதத் தாக்கலில் இரண்டு படிவங்கள். விற்பனை விவரம் `GSTR-1`. அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் போக வேண்டும். வரி கட்டும் ரிட்டர்ன் `GSTR-3B`, 20-ம் தேதிக்குள். இரண்டுக்கும் நடுவில் 14-ம் தேதி `GSTR-2B` என்ற பட்டியலைத் தளமே தயாரித்துத் தரும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் நம் பெயரில் காட்டிய பில்கள் அதில் இருக்கும். காலாண்டு முறையில் இருக்கும் தமிழ்நாட்டு வியாபாரிக்கு இந்த 11-ம் 20-ம், காலாண்டு முடிந்து வரும் அடுத்த மாதத்தின் 13-ம் 22-ம் ஆகிவிடும். ஆனால் இடையிலுள்ள இரண்டு மாதங்களுக்கும் வரியை அடுத்த மாதம் 25-க்குள் செலான் போட்டுக் கட்ட வேண்டும்.

புதிதாகப் பதிவு செய்தவரை முதலில் மடக்குவது வங்கிக் கணக்கு. பதிவு கிடைத்த 30 நாளுக்குள், அல்லது முதல் `GSTR-1` போடுவதற்கு முன், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் வங்கிக் கணக்கு விவரத்தைத் தளத்தில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காவிட்டால் படிவத்தைத் தாக்கல் செய்ய விடாது. 10-ம் தேதி இரவு இதைக் கண்டுபிடித்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு. பதிவுச் சான்றிதழ் வந்த அன்றே முடித்துவிடுங்கள்.

விற்பனைக் கட்டு: மூன்று குவியல்

இந்தக் கடையில் அக்டோபரில் 1 முதல் 52 வரை பில் போட்டிருக்கிறார்கள். 17-ம் எண் பில் தப்பாக எழுதி ரத்து செய்யப்பட்டது. ரத்தான பில்லைக் கிழித்து எறியாமல் கட்டிலேயே வைத்திருந்தது நல்லதாயிற்று. ஏன் என்று பின்னால் தெரியும். மீதி 51 பில்.

முதல் குவியல், வாங்கியவரின் ஜிஎஸ்டி எண் எழுதிய பில்கள். நான்கு இருந்தன. ஓசூரில் ஒரு ஒப்பந்ததாரர் (வரி சேர்க்காத மதிப்பு ரூ.40,000), கிருஷ்ணகிரியில் ஒரு கட்டுமானக்காரர் (ரூ.25,000), ஓசூரில் ஒரு பட்டறை (ரூ.15,000), அத்திப்பள்ளியில் ஒரு எலக்ட்ரிகல் ஒப்பந்ததாரர் (ரூ.30,000). மொத்தம் ரூ.1,10,000. இவற்றை ஒவ்வொரு பில்லாகத் தளத்தில் ஏற்ற வேண்டும், ஏனென்றால் வாங்கியவர் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, அந்த வரியைத் தன் கணக்கில் வரவு எடுப்பார்.

இந்தக் குவியலில் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம். அத்திப்பள்ளிக்காரரின் எண் 29-இல் தொடங்குகிறது, சரக்கும் வண்டியில் அங்கேயே போய் இறங்கியது. அதனால் அந்தப் பில்லுக்கு முழு 18 சதவீதமும் ஐஜிஎஸ்டி: ரூ.5,400. மற்ற மூன்று பில்களுக்கும் மொத்த மதிப்பு ரூ.80,000, அதற்கு மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம் ரூ.7,200, மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம் ரூ.7,200. அத்திப்பள்ளி ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம்தான். வரிக்குத் தூரம் கணக்கில்லை, மாநில எல்லைதான் கணக்கு.

இரண்டாம் குவியல், ஜிஎஸ்டி எண் இல்லாத சில்லறைப் பில்கள். 47 இருந்தன. இவற்றை ஒவ்வொன்றாக ஏற்றத் தேவையில்லை. மாநிலவாரியாக, வரி விகிதவாரியாக மொத்தத் தொகை போதும். கர்நாடகப் பதிவெண் வண்டியில் வந்து கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கிப் போனவரின் பில்லில் முகவரி எதுவும் எழுதவில்லை என்றால் அதுவும் தமிழ்நாட்டு விற்பனைதான். (வெளிமாநிலச் சில்லறை வாடிக்கையாளருக்கு அனுப்பிய ஒரே பில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் மட்டும் தனியாகக் காட்ட வேண்டும். இந்தக் கடையில் அப்படி ஒன்றும் இல்லை.)

சில்லறைப் பில்களில்தான் பணம் வீணாகிறது. கடைக்காரர் சில்லறை விலையை வரி சேர்த்தே சொல்லி வாங்கியிருக்கிறார். 47 பில்களில் வசூலான தொகை ரூ.1,06,200. இதற்கு நேரே 18 சதவீதம் போட்டால் வரி ரூ.19,116 வரும். அது தவறு. வசூலான தொகைக்குள்ளேயே வரி இருக்கிறது. 118 ரூபாயில் 100 சரக்கு, 18 வரி. ஆகவே 1.18-ஆல் வகுக்க வேண்டும். ரூ.1,06,200-ஐ வகுத்தால் ரூ.90,000 மதிப்பு, ரூ.16,200 வரி. இரண்டுக்கும் வித்தியாசம் ரூ.2,916. கணக்கு எழுத ஆரம்பித்த காலத்தில் நானே ஒரு பாத்திரக் கடைக்கு இந்தத் தவறைச் செய்து, கூடுதலாக வரி கட்ட வைத்தேன். அந்த அண்ணாச்சி அதை இன்னமும் மறக்கவில்லை.

எக்செல்லில் வசூல் தொகை D பத்தியில் இருந்தால், மதிப்புக்கும் வரிக்கும் இந்த இரண்டு வரிகள் போதும்:

```
=ROUND(D2/1.18,2)
=D2-ROUND(D2/1.18,2)
```

மூன்றாம் குவியலில் ஒரே ஒரு சீட்டு: கிரெடிட் நோட். ஓசூர் ஒப்பந்ததாரர் ரூ.5,000 மதிப்புள்ள வயர் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய பில்லைத் திருத்தி எழுதக் கூடாது. அந்தப் பில் அப்படியே இருக்கும். திரும்பி வந்ததற்கு கிரெடிட் நோட் தனியே போகும். வரியில் மத்தியம் ரூ.450, மாநிலம் ரூ.450 குறையும்.

தாள் இப்போது இப்படி இருக்கும்

| | மதிப்பு | ஐஜிஎஸ்டி | மத்திய ஜிஎஸ்டி | மாநில ஜிஎஸ்டி |
|---|---|---|---|---|
| எண் உள்ளவர்கள், 4 பில் | 1,10,000 | 5,400 | 7,200 | 7,200 |
| சில்லறை, 47 பில் | 90,000 | 0 | 8,100 | 8,100 |
| கிரெடிட் நோட், 1 | −5,000 | 0 | −450 | −450 |
| மொத்தம் | 1,95,000 | 5,400 | 14,850 | 14,850 |

கூட்டலைச் சரிபார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. விற்பது எல்லாம் 18 சதவீதம் என்பதால் ரூ.1,95,000-க்கு 18 சதவீதம் ரூ.35,100. மூன்று வரிப் பத்திகளையும் கூட்டினால் அதே தொகை வருகிறது. ஐந்து பத்து ரூபாய் வித்தியாசம் வந்தால் பைசாவைச் சுருக்கியதால் இருக்கலாம். நூற்றுக்கணக்கில் வந்தால் ஏதோ ஒரு பில் இரண்டு குவியலிலும் விழுந்திருக்கிறது, அல்லது எதிலும் விழவில்லை. தளத்துக்குப் போகாதீர்கள், மறுபடி எண்ணுங்கள்.

தளத்தில் ஏற்றுவது

தாள் தயாரானால் `GSTR-1` அரை மணி நேர வேலை. முதல் குவியல் `B2B` என்று தொடங்கும் கட்டத்துக்குள், ஒவ்வொரு பில்லாக. வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணைத் தட்டியவுடன் அவருடைய பெயர் திரையில் வரும். அதைப் பில்லில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள். எண் செல்லுபடியானது என்பதால் மட்டும் அது உங்கள் வாடிக்கையாளருடையது ஆகிவிடாது. அவருக்கு அடுத்தடுத்து இரண்டு பதிவுகள் இருந்து, பழையதைக் கொடுத்திருக்கவும் கூடும்.

இரண்டாம் குவியல் `B2C (Others)` கட்டத்தில் ஒரே வரியாக: தமிழ்நாடு, 18 சதவீதம், ரூ.90,000. கிரெடிட் நோட் 9B அட்டவணையில்.

அப்புறம் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. புதியவர்கள் இவற்றை விட்டுவிடுவார்கள். 12-ம் அட்டவணை சரக்குவாரிச் சுருக்கம். வயருக்கு 8544, சுவிட்சுக்கு 8536, எல்இடி பல்புக்கு 8539 என்று எச்எஸ்என் குறியீட்டைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு விற்றது என்று காட்ட வேண்டும். 2025 மே மாதக் கணக்கிலிருந்து இது எண் உள்ளவர்களுக்கு விற்றது, சில்லறை என்று இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கிறது. திரும்பி வந்த சரக்கைக் கழித்து, நம் கடைக்கு முதல் பக்கத்தின் கூட்டல் ரூ.1,05,000, இரண்டாம் பக்கம் ரூ.90,000 வர வேண்டும்.

13-ம் அட்டவணை பில் எண்கள். 1 முதல் 52 வரை, மொத்தம் 52, ரத்தானது 1, மீதி 51. அந்த 17-ம் எண் பில்லைப் பத்திரப்படுத்தியது இதற்குத்தான். கிரெடிட் நோட்டுக்குத் தனி வரிசை.

எல்லாம் ஏற்றியதும் பக்கத்தின் கீழே சுருக்கத்தை உருவாக்கும் பொத்தான் இருக்கும். அழுத்தினால் தளமே தன் கணக்கில் ஒரு சுருக்கத்தைக் காட்டும். அதைப் பிடிஎஃப்பாக இறக்கி, உங்கள் தாளின் பக்கத்தில் வைத்து, 'மொத்தம்' என்ற வரிசையின் நான்கு எண்களையும் பென்சிலால் டிக் அடியுங்கள். நான்கும் ஒத்துப்போன பிறகுதான் `FILE STATEMENT`. தனியுரிமைக் கடை என்றால் கைப்பேசிக்கு வரும் ஓடிபி போதும். டிஜிட்டல் கையெழுத்து தேவையில்லை.

இங்கே இவ்வளவு நிதானம் ஏன் என்றால், 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து `GSTR-1`-இல் காட்டிய விற்பனை வரி அப்படியே `GSTR-3B`-க்குள் வந்து உட்கார்ந்துவிடும். அங்கே அதை மாற்ற முடியாது. முன்பெல்லாம் முதலாவதில் ஏதாவது போட்டுவிட்டு இரண்டாவதில் சரிக்கட்டிக்கொள்ளலாம். அந்தக் கதவு மூடிவிட்டது. தொகை தவறாகிவிட்டாலோ ஒரு பில் விட்டுப்போனாலோ, 3B போடுவதற்கு முன் `GSTR-1A` என்ற திருத்தப் படிவத்தில் ஒருமுறை சரிசெய்யலாம். வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணே தவறு என்றால் அந்தப் படிவமும் உதவாது. அடுத்த மாத `GSTR-1`-இல்தான் திருத்த முடியும். அதுவரை வாடிக்கையாளருக்கு வரவு கிடைக்காது, அவருடைய தொலைபேசி அழைப்புதான் கிடைக்கும்.

வாங்கிய பில்கள்: 14-ம் தேதிக்குப் பிறகு

கொள்முதல் கட்டைப் பிரிப்பதில் ஒரு கேள்விதான்: நம் கையில் உள்ள பில் 2B-யிலும் இருக்கிறதா? நம் கடைக்கு அக்டோபரில் மூன்று கொள்முதல். கோயம்புத்தூர் மொத்த வியாபாரி ரூ.1,00,000, பெங்களூர் விநியோகஸ்தர் ரூ.40,000, ஓசூரிலேயே ஒரு கடை ரூ.20,000.

2B-யைத் திறந்தால் கோயம்புத்தூர் பில் இருக்கிறது: மத்தியம் 9,000, மாநிலம் 9,000. பெங்களூர் பில் இருக்கிறது: ஐஜிஎஸ்டி 7,200. ஓசூர் கடையின் பில் இல்லை. நாம் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது: கடைக்காரர் வீட்டுக்கு வாங்கிய ஃபிரிட்ஜ். கடைப் பெயரில் பில் கேட்டு வாங்கியிருக்கிறார், ரூ.20,000-க்கு மத்தியம் 1,800, மாநிலம் 1,800.

ஓசூர் கடையின் ரூ.3,600 வரியை இந்த மாதம் எடுக்கக் கூடாது. பில் கையில் இருக்கிறது, பணமும் கொடுத்தாகிவிட்டது என்பது போதாது. விற்றவர் தன் விவரத்தில் காட்டி, நம் 2B-க்கு வந்தால்தான் உண்டு. அந்தக் கடைக்குப் போன் செய்தபோது அவர் காலாண்டு முறையில் இருப்பது தெரிந்தது. இடைப்பட்ட மாதங்களிலும் எண் உள்ளவர்களின் பில்களை மட்டும் முன்கூட்டி ஏற்றும் வசதி அவருக்கு இருக்கிறது; அவர் அதைப் பயன்படுத்தவில்லை. ஆகவே அந்தப் பில் ஜனவரி 14-ம் தேதி வரும் டிசம்பர் 2B-யில்தான் தெரியும். வரவு போய்விடவில்லை, தள்ளிப்போகிறது. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை எடுக்கலாம். ஆனாலும் ரூ.3,600 கைமுதல் மூன்று மாதம் அங்கே கிடக்கும். இனி அவரிடம் வாங்குவதற்கு முன், மாதத் தாக்கலா காலாண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஃபிரிட்ஜ் விஷயம் நேர்மாறு. 2B-யில் இருக்கிறது, ஆனால் எடுக்கக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்கு வரவு கிடையாது. 3B-யில் அது தானாகவே வரவுப் பக்கத்தில் ஏறிவிடும். அதை அழிக்காமல், 4-ம் அட்டவணையின் `4(B)(1)` வரியில் மத்தியம் 1,800, மாநிலம் 1,800 என்று திருப்பிக் காட்ட வேண்டும். "தளமே காட்டுகிறதே, எடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தளம் பில்லை மட்டும்தான் பார்க்கிறது, ஃபிரிட்ஜ் எந்தச் சமையலறையில் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. பின்னால் சோதனைக்கு வரும் அதிகாரிக்குத் தெரிந்துவிடும். அப்போது வட்டியும் சேரும்.

எவ்வளவு கட்ட வேண்டும்

கட்ட வேண்டிய வரி: ஐஜிஎஸ்டி 5,400, மத்தியம் 14,850, மாநிலம் 14,850. கையில் உள்ள வரவு: ஐஜிஎஸ்டி 7,200, மத்தியம் 9,000, மாநிலம் 9,000.

முதலில் ஐஜிஎஸ்டி வரவைத்தான் செலவழிக்க வேண்டும். 7,200-இல் 5,400 ஐஜிஎஸ்டிக்கே போகிறது, 1,800 மிச்சம். அதை மத்தியத்துக்கும் மாநிலத்துக்கும் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். இங்கே 900, 900 என்று வைப்போம். பிறகு மத்திய வரவு மத்தியத்துக்கு, மாநில வரவு மாநிலத்துக்கு. இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது. மீதி மத்தியம் 4,950, மாநிலம் 4,950. ஆக ரொக்கமாகக் கட்ட வேண்டியது ரூ.9,900. இதைத் தாளின் அடியில் எழுதிவைத்துக்கொண்டு 3B-யின் 6.1 அட்டவணையைத் திறந்தால், அங்கே வரும் தொகை வேறாக இருந்தால் உடனே கண்ணில் படும்.

செலான் போடும்போது ஒரு பொதுத் தவறு: மொத்தப் பணத்தையும் ஒரே தலைப்பில் கட்டுவது. மத்தியத்தின் வரி என்ற தலைப்பில் 4,950, மாநிலத்தின் வரி என்ற தலைப்பில் 4,950 என்று தனித்தனியாகக் கட்ட வேண்டும். தவறாகக் கட்டிவிட்டாலும் ரொக்கப் பேரேட்டுக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற `PMT-09` என்ற படிவம் உண்டு. ஆனால் 20-ம் தேதி மாலையில் அதைக் கற்றுக்கொள்ள யாருக்கும் பொறுமை இருக்காது.

தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், ரொக்கமாகக் கட்டும் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு, தாமதம் நாளுக்கு 20 ரூபாய். "பதிவு வாங்கினேன், கடை இன்னும் திறக்கவில்லை" என்று நாலு மாதம் விட்டவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள். ஒன்றுமே இல்லாத மாதத்துக்குத் தளத்துக்கே போக வேண்டாம். பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 14409-க்குக் குறுஞ்செய்தி அனுப்பியே முடிக்கலாம்.

பதிவுக்கு முன்பே கடையில் இருந்த சரக்கின் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கும் வரவு கேட்க முடியும், `ITC-01` என்ற தனிப் படிவம், பதிவு கிடைத்த 30 நாளுக்குள். சரக்கு இருப்புப் பட்டியலும் பழைய கொள்முதல் பில்களும் வேண்டும். தொகை பெரியது என்றால் இந்த ஒன்றுக்காவது ஆடிட்டரைப் பாருங்கள்.

தாக்கல் முடிந்ததும் இரண்டு படிவங்களுக்கும் வரும் ஏஆர்என் என்ற ஒப்புகை எண்களைச் சுருக்கத் தாளின் மேல் மூலையில் எழுதி, தாளை பில் கட்டின் மேல் வைத்துக் கட்டிவிடுங்கள். நவம்பருக்குப் புதுத் தாள் எடுத்து, அதன் முதல் வரியில் சிவப்பு மையால்: "ஓசூர் கடை, அக்டோபர் பில், மத்தியம் 1,800, மாநிலம் 1,800, இன்னும் வரவில்லை."